இன்ஸ்டா பயோவின் கடைசி வரி: ஆர்டர் கேட்கறதா, அம்மாவைச் சொல்றதா?

கரிசல்மலர்:
எல்லாருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் கோவில்பட்டியில வீட்லயே பொடி அரைச்சு விக்கிறோம். இவ்வளவு நாள் தெரிஞ்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு வாய் வழியாவே போயிட்டிருந்தது. இப்ப இன்ஸ்டாகிராம்ல ஒரு பக்கம் தொடங்கியிருக்கேன். பயோல முதல் ரெண்டு வரி முடிவு பண்ணிட்டேன்:

> இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி
> கோவில்பட்டி, வீட்டுத் தயாரிப்பு

மூணாவது வரிலதான் ரெண்டு நாளா நிக்கிறேன். ஒண்ணு, "ஆர்டர் செய்ய வாட்ஸ்அப்பில் தொடர்பு கொள்ளவும்". இன்னொண்ணு, "பாட்டி சொன்ன அளவு, அம்மா வறுத்த பதம்". ரெண்டையும் போட்டா இடம் பத்தலைன்னு சொல்லுது. 150 எழுத்துன்னாங்க, நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தா நூறு கிட்டத்தான் வருது. ஏன் ஏத்துக்க மாட்டேங்குதுன்னும் புரியல. ரெண்டுல எதை வைக்கலாம்?

---

மார்க்கெட்டிங்_சரவணன்:
இதுல யோசிக்கவே வேண்டாம் சிஸ்டர். முதலாவதுதான். பயோ எப்பவும் என்ன செய்யணும்னு சொல்லித்தான் முடியணும். "பாட்டி, அம்மா" எல்லாம் போஸ்ட்ல போட்டுக்கலாம். பார்க்கிறவங்க மூணு நொடி கூட நிக்க மாட்டாங்க. அதுக்குள்ள அடுத்து என்ன செய்யணும்னு காட்டலைன்னா போயிடுவாங்க.

இன்னும் நல்லா வரணும்னா வாட்ஸ்அப் நம்பரையே கடைசி வரியில போட்டுடுங்க. தொட்டா நேரா வாட்ஸ்அப் திறக்கும்.

---

ஓய்வாசிரியர்_சுந்தரம்:
மகளே, பயோடேட்டாவின் கடைசி வரி குறித்துக் கேட்டிருக்கிறாய். என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் இளைய மகளுக்கு வரன் பார்த்தபோது ஜாதகக் குறிப்பின் கீழே எல்லோரும் எழுதுவதைப் போல "நல்ல குடும்பம், நல்ல வேலை எதிர்பார்க்கிறோம்" என்றுதான் முதலில் எழுதியிருந்தோம். ஏழெட்டு மாதம் வந்ததெல்லாம் பொருந்தாத இடங்கள். அதன்பிறகு மகளே அதை அடித்துவிட்டு, "திருமணத்துக்குப் பிறகும் திருநெல்வேலியிலேயே ஆசிரியப் பணியைத் தொடர விரும்புகிறார்" என்று எழுதினாள். வரும் அழைப்புகள் குறைந்தன. ஆனால் வந்தவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு, அதற்குச் சம்மதித்து வந்தவர்கள். மூன்றே மாதத்தில் முடிவாயிற்று.

உன் வீட்டில் யாருக்கு வரன் பார்க்கிறீர்கள்?

---

கரிசல்மலர்:
ஐயா, இது கல்யாண பயோடேட்டா இல்ல. இன்ஸ்டாகிராம் பக்கத்துல பேருக்குக் கீழ ரெண்டு மூணு வரி எழுதுவாங்கல்ல, அதைக் கேட்டேன். ஆனா நீங்க சொன்னது மனசுல நின்னுடுச்சு.

சரவணன் அண்ணா, நம்பர் யோசனை நல்லாத்தான் இருக்கு, போட்டுப் பார்க்கிறேன்.

---

பக்கம்பார்ப்பவர்:
மலர், நம்பர் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. நான் ஆறு வருஷமா சின்னக் கடைகளோட பக்கங்களைப் பார்த்துக்கிற வேலை செய்றேன். பெரும்பாலும் ஜவுளி, பலகாரம், ஆரி வேலை.

முதல்ல எழுத்துக் கணக்கு. இன்ஸ்டாகிராம்ல பயோவுக்கு 150தான். ஆனா நாம எண்ற மாதிரி அது எண்ணாது. "கொ" நமக்கு ஒரு எழுத்து. அதுக்கு க ஒண்ணு, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒண்ணு, ஆக ரெண்டு. "ர்" கூட ரெண்டுதான், ர ஒண்ணு, புள்ளி ஒண்ணு. தமிழ் எழுத்துல தனியா நிக்கிற உயிரெழுத்தும் ஆய்தமும் அகர உயிர்மெய்யும் மட்டுமே ஒண்ணா எண்ணப்படும். கம்ப்யூட்டர் இருந்தா பைத்தான்ல இப்படிப் போட்டுப் பாருங்க:

```
s = "ஆர்டர் செய்ய வாட்ஸ்அப்பில் தொடர்பு கொள்ளவும்"
print(len(s))
```

44 வரும். கண்ணால எண்ணினா எழுத்து 23, இடைவெளி 4, மொத்தம் 27. அதான் உங்களுக்குக் கணக்கு இடிச்சது.

உங்க முதல் ரெண்டு வரி 48, 31. நடுவுல வரி உடையறதுக்கு ஒண்ணு. ஆக 80. அடுத்த வரிக்கு இறங்க இன்னொண்ணு, 81. மிச்சம் இருக்கிறது 69. ஆர்டர் வரி 44, பாட்டி வரி 36. தனித்தனியா ரெண்டுமே உள்ள போகும். சேர்த்தா, நடுவுல ஒரு வரி உடைப்போட மொத்தம் 162. பன்னிரண்டு கூடுதல்.

இப்ப நம்பர். சரவணன் சொல்றதுல பாதி சரி. அடுத்து என்ன செய்யணும்னு தெரியணும்கிறது சரி. ஆனா பயோக்குள்ள எழுதுற நம்பரைத் தொட்டா எதுவும் திறக்காது, வெறும் எழுத்தாத்தான் நிக்கும். வலைமுகவரியை அங்க எழுதினாலும் அப்படித்தான். அதுக்குன்னு லிங்க் போடற இடம் தனியா இருக்கு, அது பயோவுக்கு அடியில தெரியும். அங்க போட்டாத்தான் திறக்கும். அந்த இடம் உங்க 150ல சேராது.

---

மார்க்கெட்டிங்_சரவணன்:
சரிங்க சார், நம்பர் விஷயத்துல நான் சொன்னது தப்பு. லிங்க் வழியா வர்றதை நம்பர்னு நினைச்சுட்டேன். ஆனா ஆர்டர் வரி வேணும்கிறதுல நான் மாறல.

---

பக்கம்பார்ப்பவர்:
அதையும் கொஞ்சம் பார்ப்போம். மலர் கணக்கைத் தொழில் கணக்கா மாத்தினா பயோவுக்குக் கீழயே தொடர்பு பட்டன் வச்சுக்கலாம். லிங்க்குல வாட்ஸ்அப் போட்டு, அதுக்கு "வாட்ஸ்அப்பில் ஆர்டர்"னு தலைப்பும் கொடுக்கலாம். அதுக்கு நேர் மேல மறுபடியும் "ஆர்டர் செய்ய வாட்ஸ்அப்பில் தொடர்பு கொள்ளவும்"னு எழுதினா, கதவுக்கு மேல "இது கதவு"ன்னு பலகை மாட்டின மாதிரி. 44 எழுத்து செலவாகுது, புதுசா ஒரு தகவலும் வரல.

லிங்க் இப்படி இருக்கணும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=இட்லிப்%20பொடி%20வேணும்
```

91க்கு முன்னாடி கூட்டல் குறியோ பூஜ்யமோ வரக்கூடாது. நம்பருக்கு நடுவுல கோடு, இடைவெளி எதுவும் கூடாது. நான் பார்த்த பக்கங்கள்ல "லிங்க் வேலை செய்யல"ங்கிற புகார்ல முக்கால்வாசி இந்தப் பூஜ்யத்தாலதான். `text=`க்குப் பின்னாடி இருக்கிறது வாடிக்கையாளர் கைக்கு முன்கூட்டியே வந்து நிக்கிற செய்தி. அவங்க அனுப்புற பட்டனைத் தட்டினாப் போதும்.

---

சென்னை_ரேவதி:
நான் வாங்குற ஆளு. பொடி, ஊறுகாய், வடகம் எல்லாம் இப்படிப்பட்ட பக்கங்கள்லதான் வாங்குறேன். எனக்கு "ஆர்டர் செய்ய"ன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். பிடிச்சிருந்தா எப்படியாவது மெசேஜ் போட்டுடுவேன். நான் தயங்குறது வேற இடத்துல. எப்ப அரைச்சது? மெசேஜ் போட்டா எத்தனை நாள்ல வரும்? சென்னைக்கு அனுப்புவாங்களா? இதைக் கேட்டு மெசேஜ் போட்டு, பதிலுக்கு ரெண்டு நாள் உக்காந்திருக்க எனக்குப் பொறுமை இல்ல.

அதே மாதிரி "பாட்டி கைப்பக்குவம்"ங்கிற வரியைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு. மலர், உங்க மனசு நோகணும்னு சொல்லல. நான் பின்தொடர்ற அஞ்சாறு பொடிப் பக்கத்துலயும் ஒரு பாட்டி இருக்காங்க.

---

கரிசல்மலர்:
நோகல அக்கா. ஆனா எங்க பாட்டி நிஜமாவே சொன்ன அளவுதான் அது. ஒரு படி உளுந்துக்கு எத்தனை மிளகாய்னு அவங்க வாய்ல வந்ததை அம்மா காலண்டர் தாள் பின்பக்கத்துல எழுதி வச்சிருக்காங்க. இன்னைக்கும் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறாங்க. அதைச் சொல்லாம விட மனசு வரல.

---

இழைநூல்:
இடையில் என் கதையைச் சொல்லலாமா? நான் சிறுகதை எழுதுகிறவள். என் முதல் தொகுப்பின் பின்னட்டையில் ஆசிரியர் குறிப்பு ஐந்து வரி. கடைசி வரியாக "தற்போது தமது முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று ஆசையாசையாக எழுதிக் கொடுத்தேன். அந்த நாவல் நாற்பது பக்கத்தில் நின்றுவிட்டது. புத்தகம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நூலகத்தில் அதை எடுத்துப் படித்துவிட்டு, போன மாதம்கூட ஒருவர் "நாவல் வந்துவிட்டதா?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது தொகுப்பில் அந்த இடத்தில் "விளாத்திகுளம் பக்கம் பிறந்தவர், அந்தக் கரிசல் நிலத்து மனிதர்களையே எழுதுகிறார்" என்று முடித்தேன். இதற்குக் கெடு கிடையாது. அச்சில் போகும் கடைசி வரிக்கு இது முக்கியம், அதைத் திரும்ப அழைக்க முடியாது. உங்கள் பயோவை நினைத்தபோது மாற்றலாம். ஆனால் மாற்ற மறந்தால் இரண்டும் ஒன்றுதான்.

---

பக்கம்பார்ப்பவர்:
இழைநூல் சொல்றது எங்க வேலையில தினமும் நடக்கிறது. தீபாவளிக்கு "தீபாவளி ஆர்டர்கள் ஏற்கப்படுகின்றன"ன்னு கடைசி வரி போடுவாங்க. பொங்கல் தாண்டியும் அது அங்கயே இருக்கும். பார்க்கிறவங்க இந்தப் பக்கம் ஓடலை போலன்னு நினைச்சுத் திரும்பிடுவாங்க. போஸ்ட் நேத்து போட்டதா இருந்தாலும் அந்த ஒரு வரி கடையைப் பூட்டிடும்.

மலர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பொடி எப்ப எப்ப அரைக்கிறீங்க? தினமுமா, இல்ல ஆர்டர் வந்த பிறகா?

---

கரிசல்மலர்:
வாரத்துக்கு ஒரு தடவைதான். வறுக்கிறது சனிக்கிழமை. அம்மா ஒரு ஆள்தான் வறுப்பாங்க, என்கிட்ட அடுப்பைக் கொடுக்க மாட்டாங்க. கடலைப்பருப்பு தனியா, உளுந்து தனியா, மிளகாய் தனியா. ராத்திரி முழுக்கத் தட்டுல பரப்பி ஆற விட்டுடுவோம். ஞாயித்துக்கிழமை காலையில அரைப்போம். சூட்டோட அரைச்சு டப்பாவுல அடைச்சா உள்ள வேர்த்து, பொடி கட்டி தட்டிடும். தொடக்கத்துல ஒரு தடவை அவசரப்பட்டு அப்படிச் செஞ்சு நாலு கிலோவை வெளிய கொட்டினோம். திங்கக்கிழமை கூரியர்ல போட்டுடுவேன். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள யார் யாருக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் சனிக்கிழமை அந்த அளவுக்கு வறுக்க முடியும்.

---

பக்கம்பார்ப்பவர்:
உங்க கடைசி வரி இதுக்குள்ளயே இருக்கு. ரேவதி கேட்ட மூணு கேள்வியில ரெண்டுக்குப் பதில் இங்க இருக்கு.

முதல்ல எனக்கு வந்தது இது: "சனி வறுப்போம், திங்கள் அனுப்புவோம். வெள்ளிக்குள் சொல்லுங்க". 58 எழுத்து. மொத்தம் 139, உள்ள போகும். ஆனா இதுல அம்மா இல்ல. அதனால இன்னொண்ணு:

> அம்மா வறுப்பது சனிக்கிழமை. வெள்ளிக்குள் சொல்லுங்க

49 எழுத்து, மொத்தம் 130. இதுல யார் செய்றாங்கன்னு இருக்கு. எப்ப செஞ்சதுன்னு இருக்கு. வாங்குறவங்க என்ன செய்யணும், எதுக்குள்ள செய்யணும்னும் இருக்கு. "வெள்ளிக்குள்"ங்கிறது அவசரப்படுத்த நீங்களா வச்ச கெடு இல்ல, அடுப்புதான் வச்ச கெடு. அதனால ஒவ்வொரு வாரமும் உண்மையா இருக்கும், தீபாவளி வரி மாதிரி காலாவதி ஆகாது. பாட்டியையும் காலண்டர் தாளையும் முதல் போஸ்டா போட்டு, பக்கத்துக்கு மேல நிலையா நிக்கிற மாதிரி பின் பண்ணிடுங்க. அந்தத் தாளோட படமே போதும். பன்னிரண்டு எழுத்து இல்லாததால பாட்டியை விட்டுட்டோம்னு இருக்க வேண்டியதில்ல.

---

மார்க்கெட்டிங்_சரவணன்:
நல்லாத்தான் இருக்கு. ஆனா "சொல்லுங்க"ன்னா எங்க சொல்றது? வாட்ஸ்அப்பா, டி.எம்.மா? ஒருத்தர் கமெண்ட்ல சொல்லிட்டுப் போயிட்டா?

---

பக்கம்பார்ப்பவர்:
நியாயமான கேள்வி. வரிக்கு நேர் கீழ லிங்க் "வாட்ஸ்அப்பில் ஆர்டர்"னு நிக்கிறதால பெரும்பாலானவங்க அங்கதான் போவாங்க. கமெண்ட்ல கேக்கிறவங்க எந்த வரி எழுதினாலும் கமெண்ட்லதான் கேப்பாங்க. ஆனா லிங்க் போடாம இந்த வரியை மட்டும் வச்சா நீங்க சொல்றது நடக்கும். அப்ப உங்க பழைய வரியே மேல்.

---

ஓய்வாசிரியர்_சுந்தரம்:
இப்போது விளங்கியது. வரனாக இருந்தாலும் பொடியாக இருந்தாலும் பொருத்தமில்லாதவர்கள் தாமாகவே விலகிப்போகும் வரியாக இருப்பது நல்லதே. புதன்கிழமை வேண்டும் என்று அவசரப்படுகிறவர் இதைப் படித்தால் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள். "சொல்லுங்க" வேண்டாம் மகளே, "சொல்லுங்கள்" என்று எழுது. கடைப் பலகையில் எழுதுவது நாளை குழந்தைகள் படிக்கும் தமிழ். முதல் இரண்டு வரிகளில் "இட்லிப் பொடி", "பருப்புப் பொடி" என்று ஒற்று மிகுத்து எழுதியிருக்கிறாய், பார்த்து மகிழ்ந்தேன். மூன்றாவது வரியில் ஏன் நழுவ வேண்டும்?

---

சென்னை_ரேவதி:
ஐயா மேல மரியாதையோட சொல்றேன், எனக்கு "சொல்லுங்க"தான் பிடிக்குது. "தொடர்பு கொள்ளவும்", "அணுகவும்" எல்லாம் மின்வாரிய அலுவலகச் சுவர்ல படிக்கிற மாதிரி இருக்கு. "சொல்லுங்க"ன்னா அடுப்படியில இருந்து யாரோ தலையை நீட்டிக் கேக்கிற மாதிரி இருக்கு. பொடி வாங்கப் போற எனக்கு அந்தக் குரல் வேணும்.

---

இழைநூல்:
நான் நடுவில் நிற்கிறேன். "வறுப்பது" எழுத்து வழக்கு, "சொல்லுங்க" பேச்சு வழக்கு. ஒரே வரியில் இரண்டும் இருக்கிறது. முழுக்கப் பேச்சுக்குப் போனால் "அம்மா வறுக்கிறது சனிக்கிழமை" என்று வர வேண்டும். முழுக்க எழுத்துக்கு வந்தால் "சொல்லுங்கள்". இரண்டு எழுத்துதான் கூடும், அதனால் இடம் ஒரு காரணமே இல்லை. காதுதான் முடிவு செய்ய வேண்டும்.

---

கரிசல்மலர்:
அம்மாகிட்ட ரெண்டையும் படிச்சுக் காட்டினேன். "வறுப்பது"ன்னதும் "நான் எப்படீ அப்படிப் பேசுவேன்"னாங்க. "சொல்லுங்கள்"னதுக்கும் அதே பதில்தான். ஐயா கோவிச்சுக்கக்கூடாது, இப்போதைக்கு "சொல்லுங்க" வச்சிருக்கேன். "வறுப்பது" பத்தி இன்னும் முடிவு பண்ணல, அதுவும் இப்ப அப்படியே நிக்குது.

போட்டாச்சு. நன்றி எல்லாருக்கும்.

---

பக்கம்பார்ப்பவர்:
உங்க போன்ல மட்டும் பார்க்காதீங்க. பக்கத்து வீட்டு அக்கா போன்ல, அவங்க கணக்குல இருந்து உங்க பக்கத்தைத் திறந்து பாருங்க. பயோ நீளமானா ஆப் அதை மடிச்சு, "மேலும்"னு ஒரு சொல்லை வச்சுட்டு மிச்சத்தை மறைச்சிடும். 150க்குள்ள இருந்தாலும் இது நடக்கும், ஏன்னா மடிப்பு திரையில எத்தனை வரி ஓடுதுங்கிறதைப் பொறுத்தது. தமிழ் எழுத்து அகலம். உங்க முதல் வரி 48, அதுவே சின்னத் திரையில ரெண்டு வரியா உடையும். அப்படி உடைஞ்சு உடைஞ்சு கடைசியில மறையறது எது? இவ்வளவு நேரம் நாம பேசின அதே வரிதான்.

---

கரிசல்மலர்:
பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா போன்ல "அம்மா வறுப்பது"ன்னு வந்து அதோட நின்னுடுது. மிச்சம் "மேலும்"க்குப் பின்னாடி இருக்கு. அவங்க போன்ல எழுத்தைப் பெருசா வச்சிருக்காங்க.

---

பக்கம்பார்ப்பவர்:
அப்ப முதல் வரியைக் குறைங்க. மூணு பொடிக்கும் தனித்தனியா "பொடி" வேண்டாம். இல்லைன்னா ஊரைப் பேர் போடற இடத்துக்கு மாத்துங்க, "கரிசல் பொடி, கோவில்பட்டி"ங்கிற மாதிரி. பேரும் 150ல சேராது. ஊர் பேரை வச்சுத் தேடுறவங்க கண்ணுலயும் படும். ஆனா பேரை 14 நாளுக்குள்ள ரெண்டு தடவைக்கு மேல மாத்த விடாது, யோசிச்சு மாத்துங்க.

---

சென்னை_ரேவதி:
ஊர் பேர் மேல போனா கடலை மிட்டாய் இருக்கான்னு கேக்கப் போறாங்க பாருங்க.

---

கரிசல்மலர்:
இப்பவே கேக்கிறாங்க அக்கா. எங்க ஊர் கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து வெளியூர்க்காரங்க எல்லாருக்கும் கோவில்பட்டின்னா அதுதான். ஊரை மேல மாத்திட்டேன். ரெண்டாவது வரி இப்ப வெறும் "வீட்டுத் தயாரிப்பு"ன்னு இருக்கு. அக்கா போன்ல முழுசா தெரியுது.

---

வளையல்_பாண்டி:
இழை முழுக்கப் படிச்சேன். எனக்கு ஒண்ணு உறுத்துது. அம்மாவை விளம்பரத்துல நிக்க வைக்கிறது சரியா? என் பக்கத்துலயும் "என் மனைவி கைவண்ணம்"னு முடிச்சிருந்தேன். அவளுக்குக் கை முறிஞ்சு மூணு மாசம் வேலை செய்ய முடியல. நான் வெளிய ஆள் வச்சு வளையலுக்கு நூல் சுத்தி அனுப்பினேன். பயோ அப்படியே இருந்தது. ஒரு வாடிக்கையாளர் வேலைப்பாடு மாறியிருக்கேன்னு கேட்டப்ப என்னால பதில் சொல்ல முடியல. அன்னைக்கே அந்த வரியை எடுத்துட்டேன். ஒருத்தர் கையைச் சொல்லி வித்தா, அந்தக் கை இல்லாத நாளுக்கும் பதில் வச்சிருக்கணும்.

---

கரிசல்மலர்:
அண்ணே, நீங்க சொன்னதுல இருந்து இதையேதான் நினைச்சிட்டிருக்கேன். அம்மாவுக்கு முடியாத வாரம் வந்தா வறுக்க மாட்டோம், அவ்வளவுதான். நான் வறுத்து "அம்மா வறுத்தது"ன்னு அனுப்ப மாட்டேன். ஆனா ரெண்டு மாசம், மூணு மாசம்னு ஆனா என்ன செய்வேன்னு எனக்கே தெரியல.

---

பக்கம்பார்ப்பவர்:
பாண்டி சொல்றதுக்கு என்கிட்டயும் முழுப் பதில் இல்ல. ஒரு பழக்கம் மட்டும் சொல்றேன். வெள்ளிக்கிழமை ஆர்டர் கணக்குப் பார்க்கும்போது பயோவையும் ஒரு தடவை திறந்து படிச்சுப் பாருங்க. அந்த வாரத்துக்கு அது பொய்யா இருந்தா அப்பவே மாத்துங்க. அரை நிமிஷ வேலை.

---

*(மூன்று வாரம் கழித்து)*

கரிசல்மலர்:
என்ன ஆச்சுன்னு சொல்ல வந்தேன். முன்னாடி வாரம் முழுக்க எப்ப வேணா "விலை?"ன்னு ஒரு சொல் மெசேஜ் வரும். பதில் போட்டா அதுக்கப்புறம் ஆள் இருக்க மாட்டாங்க. அது இப்பவும் வருது, நிக்கல. ஆனா வியாழன், வெள்ளியில வர்ற மெசேஜ் வேற மாதிரி இருக்கு. "இந்த சனிக்கிழமைக்கு அரைக் கிலோ"ன்னே எழுதுறாங்க. ஒரு அம்மா "அம்மாவுக்கு இன்னும் இடம் இருக்கான்னு கேளு கண்ணு"ன்னு குரல் செய்தி அனுப்பியிருந்தாங்க. அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

போன சனிக்கிழமை சொந்தத்துல ஒரு கல்யாணம். வெள்ளிக்கிழமை காலையில பயோவைத் திறந்து "இந்த வாரம் வறுக்கலை. அடுத்த வெள்ளிக்குள் சொல்லுங்க"ன்னு மாத்தினேன். வியாழக்கிழமையே சொல்லியிருந்த ரெண்டு பேருக்குத் தனியா போன் பண்ணேன். ஒருத்தர் சரின்னுட்டார். இன்னொருத்தருக்குக் கோபம்தான், அடுத்த வாரத்துக்கும் வேண்டாம்னுட்டார். அவர் வியாழக்கிழமை படிச்சப்ப பயோ பழையபடிதானே இருந்தது. கல்யாணம் ஒரு மாசமா தெரிஞ்ச தேதி. திங்கக்கிழமையே மாத்தியிருக்கணும்.

---

சென்னை_ரேவதி:
மலர், என் பார்சல் வந்துடுச்சு. திறந்ததுமே வறுத்த உளுந்து வாசனை. ஒண்ணு கேக்கணும். "வெள்ளிக்குள்"னா வெள்ளி மத்தியானமா, ராத்திரியா? நான் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மெசேஜ் போட்டுட்டு, தாமதமாயிடுச்சோன்னு இருந்தேன்.

---

கரிசல்மலர்:
ராத்திரி எட்டு மணி வரைக்கும் அக்கா. எட்டரைக்கு அம்மா உளுந்தை அளந்து எடுத்து வைக்க உக்காந்துடுவாங்க. அதுக்கப்புறம் யார் சொன்னாலும் அடுத்த வாரம்தான்.

"வெள்ளி இரவு 8க்குள் சொல்லுங்க"ன்னு மாத்தினா ஏழு எழுத்துதான் கூடுது, ஊர் மேல போயிட்டதால இடம் நிறையவே இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா போன்ல மடியுதான்னு பார்த்துட்டு வந்து சொல்றேன்.